உப்புவெளியில் சின்னப் பலசரக்குக் கடை: சித்திரைக்கு முன் திறக்க எதை எப்போது செய்ய வேண்டும்?

கடல்வாசல் (பெப்ரவரி 24)

வணக்கம். நிலாவெளி வீதியில் இருந்து உப்புவெளிக் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். 12 அடி அகலம், 18 அடி நீளம். சித்திரைப் புதுவருடத்துக்கு ஒரு கிழமை முன்னதாகப் பலசரக்குக் கடை திறக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். கையில் 9 லட்சம் ரூபா. அதில் 6 மாத வாடகை முற்பணமாக 1,32,000 ஏற்கனவே போய்விட்டது.

என் கொப்பியில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: முதலில் றாக்கை, பிறகு பில் மெசின், பிறகு சாமான், பிறகு பெயர்ப்பலகை, கடைசியில் பதிவும் லைசென்சும். கணவர் கடலுக்குப் போகிறவர். எனக்கு வியாபாரம் புதிது. இந்த ஒழுங்கு சரியா? எதையாவது விட்டிருக்கிறேனா?

கிண்ணியா நானா

தங்கச்சி, பயப்பட ஒன்றும் இல்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் போதும். சபை லைசென்ஸ் எல்லாம் ஹோட்டல், பேக்கரி, சலூன் போன்றவைக்குத்தான். நான் 7 வருடமாக அரிசி, மா விற்கிறேன், யாரும் கேட்டதில்லை. காசு முழுவதையும் சாமானில் போடுங்கள். வெறும் றாக்கையைப் பார்த்தால் சனம் திரும்பி வராது.

ஏகாம்பரம்வீதி

பிள்ளை, உங்கள் பட்டியலில் பொருள்கள் சரி, ஒழுங்குதான் தலைகீழ். நான் டவுனில் 22 வருடம் கடை வைத்திருக்கிறேன். கடுதாசி வேலையில் மற்றவர் கையில் இருக்கும் நாள்கள்தான் அதிகம், உங்கள் கையில் இருப்பது குறைவு. அதனால் கடை வெறுமையாக இருக்கும்போதே அதைத் தொடங்க வேண்டும்.

நானா சொன்னதில் பாதி சரி. பிரதேச செயலகப் பதிவு பெயருக்கானது. அதற்கு விதானையாரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டைப் பிரதி, வாடகை ஒப்பந்தம் மூன்றும் கேட்பார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? வாய்ப்பேச்சில் முற்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் எந்த மேசையிலும் வேலை நகராது.

சபைப் பக்கம் வேறு. உப்புவெளி பட்டணமும் சூழலும் பிரதேச சபைக்குள் வருகிறது. சபையின் உபவிதிகளில் உங்கள் தொழில் இருந்தால் லைசென்ஸ் கட்டணம், இல்லாவிட்டால் தொழில் வரி. எப்படியும் வருமானப் பகுதி மேசைக்குப் போய் எது என்று கேட்டுக் கட்டத்தான் வேண்டும். நானாவின் கடைக்கு வரி என்ற பெயரில் எழுதியிருக்கலாம், அதனால் லைசென்ஸ் இல்லை என்று நினைத்திருக்கலாம். லைசென்ஸ் என்றால் அது டிசம்பர் 31 உடன் முடியும். ஏப்ரலில் எடுத்தாலும் அதே கணக்குத்தான்.

உணவுப் பொருள் வைப்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அவர் பார்ப்பது சுவர், நிலம், எலி நுழையும் ஓட்டை, தண்ணீர், சாக்கு நிலத்தில் கிடக்கிறதா என்பவற்றை. சாமான் நிறைந்த பிறகு அவர் ஓட்டையைக் காட்டினால் எல்லாவற்றையும் இறக்கி அடைக்க வேண்டும். வெறும் அறையில் அது ஒரு காலைப்பொழுது வேலை.

கிண்ணியா நானா

ஐயா சொன்ன பிறகு பழைய பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். தொழில் வரி என்றுதான் எழுதியிருக்கிறது. நான் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பிழையாகச் சொல்லிவிட்டேன், தங்கச்சி. சாமான் விஷயத்தில் மட்டும் என் கருத்தை மாற்ற மாட்டேன்.

சோறும்கறியும்

அக்கா, பரிசோதகர் பற்றிச் சொல்கிறேன். நான் அலஸ்தோட்டம் பக்கம் மதியச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். கிணற்றுத் தண்ணீர் அறிக்கை, வேலையாட்களின் மருத்துவச் சான்றிதழ், அடுப்படிப் புகைக்கூண்டு என்று எனக்கு இரண்டு மாதம் போனது. நீங்கள் இப்போதே தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதியுங்கள், கழிவுநீர்க் குழியும் தனியாக வெட்டுங்கள்.

ஏகாம்பரம்வீதி

தங்கச்சி, அது சமைத்து விற்கும் கடைக்கு. இவர் பொதி செய்த சாமானும் அரிசி, பருப்பும் விற்கப் போகிறவர். பாண், வடை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் கேள்விகள் கூடும், அதனால் முதல் மாதம் அதைத் தொடாமல் இருக்கலாம்.

கடல்வாசல்

ஒப்பந்தம் வாய்ப்பேச்சுத்தான் ஐயா. இன்று பின்னேரம் வீட்டுக்காரரிடம் போகிறேன். பெயர்ப்பலகைக்கு ஒருவரிடம் சொல்லி முற்பணமும் கொடுத்துவிட்டேன். அது பரவாயில்லையா?

ஏகாம்பரம்வீதி

அச்சடிப்பதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அதே பெயர் ஏற்கனவே பதிவில் இருந்தாலோ, அரச நிறுவனம் போலத் தோன்றும் சொல் இருந்தாலோ மாற்றச் சொல்வார்கள். என் தம்பி முறையான ஒருவர் பலகை, பை, பில் புத்தகம் எல்லாம் அடித்த பிறகு பெயர் திரும்பி வந்தது. பதிவுச் சான்றிதழில் எந்த எழுத்து இருக்கிறதோ அதே எழுத்துத்தான் பலகையிலும் பில்லிலும் வங்கிக் கணக்கிலும் இருக்க வேண்டும். சான்றிதழையும் கடைக்குள் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும்.

பலகை எதில் செய்கிறார்கள்?

கடல்வாசல்

பிளெக்ஸ். 10 அடிக்கு 3 அடி. தமிழும் ஆங்கிலமும்.

பழைய ரெப்

நான் 11 வருடம் சவர்க்காரம், பிஸ்கட் ரெப்பாக முள்ளிப்பொத்தானை முதல் குச்சவெளி வரை ஓடியவன். பிளெக்ஸ் பற்றி ஒன்று. மே மாதம் கச்சான் காற்று தொடங்கினால் கடற்கரை ஒழுங்கையில் பிளெக்ஸ் ஆணி ஓட்டையில் இருந்து கிழியத் தொடங்கும். சட்டகத்துக்குப் பின்னால் தகரம் வைத்து, அதன் மேல் ஒட்டிச் செய்யச் சொல்லுங்கள், அல்லது தகரத்திலேயே பெயின்ட் பண்ணுங்கள். சிங்களத்தையும் சேருங்கள். உப்புவெளிக்கு வருகிறவர்களில் கண்டி, குருநாகல் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். ஆனால் அச்சுக்கு முன்னால் மூன்று மொழியையும் அந்தந்த மொழி வாசிக்கிற ஒருவரிடம் காட்டுங்கள். கணினியில் எழுத்துரு மாறி கொம்பும் காலும் இடம்மாறிய பலகைகளை இந்த வீதியிலேயே பார்த்திருக்கிறேன்.

கம்பனிக்காரர் இலவசமாகப் பலகை தருகிறோம் என்பார்கள். அதில் அவர்கள் பெயர் பெரிதாக, உங்கள் பெயர் மூலையில் இருக்கும். விளம்பரப் பலகை என்று சபை அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக்கூடும். வாங்குவதற்கு முன் யார் கட்டுவது என்று கேளுங்கள்.

பில்மெசின் தம்பி

அக்கா, மெசின் வாங்கிவிட்டீர்களா? வாங்காவிட்டால் கொஞ்சம் பொறுங்கள். நான் இங்கே கடைகளுக்கு இதைத்தான் பொருத்திக் கொடுக்கிறேன்.

உங்கள் அளவு கடைக்கு கையடக்க ஆன்ட்ரொய்ட் மெசின் போதும். உள்ளேயே 58 மில்லிமீற்றர் பிரின்டர், பற்றரி இருப்பதால் கரண்ட் போனாலும் பில் போடலாம். பெரிய கணினியும் 80 மில்லிமீற்றர் பிரின்டரும் வைத்தால் யூ.பி.எஸ் தனியாக வேண்டும். சிறிய பிரின்டர்களில் தமிழ் எழுத்து இருக்காது, தமிழில் வேண்டும் என்றால் படமாக அனுப்பித்தான் அடிக்கும், கொஞ்சம் மெதுவாக வரும். கடையில் கொடுக்கிறவர் உங்கள் முன்னால் தமிழ் பில் ஒன்று அடித்துக் காட்டட்டும்.

ஆனால் இது எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரே பார்கோடுக்கு இரண்டு விலை வைக்க முடியுமா?

கடல்வாசல்

ஒரு சாமானுக்கு ஏன் இரண்டு விலை?

பில்மெசின் தம்பி

பொதியில் அடித்திருக்கும் எம்.ஆர்.பி மாறும்போது பார்கோடு மாறுவதில்லை. 479 என்று தொடங்கும் இலக்கம் அப்படியே இருக்கும், விலை மட்டும் புதிதாக அடித்து வரும்.

போன வருடம் ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பிஸ்கட் ஒன்று 130 ரூபா. றாக்கையில் 18 பொதி மீதி இருந்தது. ரெப் புதிதாக 24 பொதி இறக்கினார், அதில் 150 என்று இருந்தது. கடைக்காரர் மெசினில் விலையை 150 ஆக்கினார். அன்றைக்கு முதல் பழைய 18 பொதியையும் மெசின் 150க்குத்தான் அடித்தது. மொத்தம் 360 ரூபாதான் கூடுதல். ஆனால் ஒவ்வொரு பில்லும் பொதியில் இருக்கும் விலையைவிடக் கூட எடுத்ததற்கு எழுத்துச் சாட்சி. ஒரு வாடிக்கையாளர் பொதியையும் பில்லையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இதை வழக்காக எடுக்கலாம். அந்தக் கடைக்காரர் ஏமாற்றவில்லை, மெசினில் ஒரு விலைதான் வைக்க முடிந்தது.

சரியான மென்பொருள் என்றால் பார்கோடை அடித்ததும் 130, 150 இரண்டையும் காட்டி எது என்று கேட்கும். வாங்குமுன் கடையிலேயே ஒரு பொருளை இரண்டு விலையில் பதிந்து ஸ்கான் பண்ணிப் பாருங்கள். முடியாது என்றால் அதை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும்.

கிண்ணியா நானா

எங்கள் பக்கம் பழைய விலையை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து விற்கிறார்கள். வாங்கின விலை கூடிவிட்டால் என்ன செய்வது?

ஏகாம்பரம்வீதி

நானா, அந்தப் பழைய 18 பொதியை நீங்கள் பழைய விலைக்குத்தான் வாங்கினீர்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் பிழை இன்னும் பெரிதாகிறது. என் கடையில் புதுச் சரக்கு வந்தால் பழையதை முன்னுக்கு இழுத்து, புதியதைப் பெட்டியோடு பின்னால் வைப்பேன். பழையது முடிந்த பிறகுதான் பெட்டியை உடைப்பது. மெசின் எப்படி இருந்தாலும் இந்தப் பழக்கம் உதவும்.

பிள்ளை, சீனி, பருப்பு போல நிறுத்துக் கொடுப்பவைக்கு எம்.ஆர்.பி இல்லை. அவற்றின் விலையை எழுதிக் கடையில் தொங்கவிட வேண்டும். அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை இருந்தால் அதை மீறக் கூடாது. யாராவது பில் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், அது ஒரு தீப்பெட்டியாக இருந்தாலும்.

பில்மெசின் தம்பி

இன்னும் இரண்டு. நீங்கள் வற் பதிவில் இல்லை என்பதால் பில்லில் வற் என்ற வரியே வரக் கூடாது. சில மெசின்களில் 18 வீதம் முன்பே போட்டு வந்திருக்கும், அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்தது ஷொப்பிங் பை. 2025 நவம்பர் 1 முதல் அதை இலவசமாகக் கொடுக்க முடியாது, விலையும் பில்லில் வர வேண்டும். அதனால் பையையும் ஒரு சாமானாக முதல் நாளே பதியுங்கள்.

கடல்வாசல்

நல்ல வேளை, மெசினுக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை. தராசு மட்டும் வாங்கிவிட்டேன், 30 கிலோ டிஜிட்டல். இணையத்தில் மலிவாக வந்தது.

ஏகாம்பரம்வீதி

அதில் முத்திரை இருக்கிறதா? வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசை அளவீட்டு அலகுகள் திணைக்களத்து உத்தியோகத்தர் பரிசோதித்து முத்திரை இட வேண்டும், வருடத்துக்கு ஒரு முறை. மலிவான சில தராசுகளின் அடியிலேயே வியாபாரத்துக்கு அல்ல என்று எழுதியிருக்கும். அந்த வகைக்கு முத்திரை கிடைக்காது. திருப்பிப் பாருங்கள்.

கடல்வாசல்

திருப்பிப் பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறது.

பழைய ரெப்

அக்கா, அதை வீட்டில் மீன் நிறுக்க வையுங்கள். கடைக்கு முத்திரை இட்டுத் தரும் விற்பனையாளரிடம் வாங்குங்கள், பற்றுச்சீட்டோடு. மாவட்டச் செயலகத்தில் கேட்டால் பரிசோதனை நாளைச் சொல்வார்கள்.

இனி சாமானுக்கு வருகிறேன். மீதி எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

கடல்வாசல்

றாக்கைக்கு 85,000 பேசியிருக்கிறேன், பழையது. மெசினுக்கு 90,000, புதுத் தராசுக்கு 22,000, பலகைக்கு 28,000, வயரிங்கும் லைட்டும் 40,000, கட்டணம், ஏற்றுக்கூலி என்று 13,000. முற்பணத்தையும் சேர்த்துக் கழித்தால் 4,90,000 மிஞ்சும். முழுவதற்கும் சாமான் எடுக்க நினைத்தேன்.

பழைய ரெப்

3,30,000க்கு மட்டும் எடுங்கள். 1,60,000ஐக் கையில் வையுங்கள். காரணம் சொல்கிறேன்.

புதுக் கடைக்கு எந்த ஏஜென்டும் முதல் பில்லைக் கடனில் தர மாட்டார். நான் ரெப்பாக இருந்தபோது ஐந்தாறு பில் காசுக்கு எடுத்த பிறகுதான் ஒரு கிழமைத் தவணை கேட்டுக் கொடுப்பேன். அதாவது முதல் ஆறு கிழமை நீங்கள் விற்ற காசில் மட்டும் வாங்க முடியாது, ஏனென்றால் விற்பதில் ஒரு பங்கு கடன் கொப்பிக்குப் போகும். உங்கள் ஒழுங்கையில் மீன்பிடிக் குடும்பங்கள்தானே.

அரிசி, சீனி, மா, பருப்பு, தேங்காய் எண்ணெய், தேயிலை, பால்மா ஆகியவை கிழமைக்குள் திரும்பும் காசு. அவற்றை டவுன் மொத்தக் கடையில் எடுங்கள், 3,30,000இல் பாதிக்கு மேல் அதற்கே போகட்டும். பிஸ்கட், சவர்க்காரம், ஷாம்பு, பற்பசையை மொத்தக் கடையில் எடுக்காதீர்கள். ரெப் உங்கள் வீதிக்குக் கிழமைக்கு ஒரு நாள் வருவார். அவரிடம் ஒவ்வொன்றிலும் அரை டசின் போதும். காலாவதி கிட்டும்போது மாற்றித் தருவாரா என்று முதல் நாளே கேளுங்கள். மொத்தக் கடையில் வாங்கியதை ரெப் மாற்றித் தர மாட்டார்.

கிண்ணியா நானா

அரை டசின் வைத்தால் றாக்கை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். சித்திரைக்கு முந்தின கிழமை வியாபாரம் வருடத்தில் ஒரு முறை. அப்போது சாமான் இல்லை என்றால் சனம் டவுனுக்குப் போய்விடும்.

பழைய ரெப்

நானா சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. புதுவருடத்தோடு ஏஜென்ட் வான்கள் கிட்டத்தட்ட ஒரு கிழமை ஓடாது, ஓட்டுநரும் ரெப்பும் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் ஏப்ரல் 9க்கு முன்னால் இரண்டு கிழமைக்குப் போதுமான சீனி, மா, எண்ணெய், குளிர்பானம் உள்ளே இருக்க வேண்டும். ஷாம்புவுக்கு அது தேவையில்லை. றாக்கை வெறுமையாகத் தெரிந்தால் மேல் தட்டுகளைக் கழற்றி வையுங்கள்.

ஏகாம்பரம்வீதி

றாக்கை பழையது என்றீர்கள். கடற்கரையில் இருந்து எவ்வளவு தூரம்?

கடல்வாசல்

நடந்தால் நான்கு நிமிடம்.

ஏகாம்பரம்வீதி

அப்படியானால் வாங்குமுன் தட்டுகளின் மடிப்பிலும் நட்டுப் போடும் ஓட்டையிலும் விரல் வைத்துப் பாருங்கள். உப்புக் காற்றில் துரு அங்கேதான் தொடங்கும். பொரிந்து உதிர்ந்தால் எடுக்காதீர்கள். கொஞ்சம் இருந்தால் தேய்த்து, துருத்தடுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு உள்ளே எடுங்கள். சாமான் அடுக்கிய பிறகு பெயின்ட் அடித்தால் அரிசியிலும் தேயிலையிலும் மணம் பிடிக்கும். கால்களுக்கு அடியில் இறப்பர் துண்டு வையுங்கள்.

சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், ஒரு கை நுழைய இடம் விடுங்கள். நவம்பர், டிசம்பர் மழையில் சுவர் ஈரம் இழுக்கும், மாப் பைகள் முதலில் கட்டிபடும். அரிசிச் சாக்கு மரப் பலகை மேல். 12 அடி அகலத்தில் இரண்டு பக்கமும் றாக்கை, முன்னால் மேசை, இவ்வளவுதான். நடுவில் றாக்கை வைத்தால் இரண்டு பேர் விலகிப் போக முடியாது, மேசையில் இருந்து உங்களுக்குப் பின்பக்கமும் தெரியாது. கரண்ட் வீட்டு மீற்றரில் இருந்தா வருகிறது? கடைக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது, வீட்டுக்காரரோடு அதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சோறும்கறியும்

குளிர்பானக் கம்பனி கூலர் தருமே, அதை வாங்கவில்லையா அக்கா? எனக்குத் தந்தார்கள்.

பழைய ரெப்

தருவார்கள், ஆனால் அதற்குள் வேறு கம்பனிப் போத்தலோ பால்பொருளோ வைக்கக் கூடாது என்று எழுதி வாங்குவார்கள். கரண்ட் செலவு உங்களுடையது. உல்லாசப் பயணிகள் வரும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அது உழைக்கும், மழைக்காலத்தில் பில் மட்டும்தான் ஏறும்.

ஏகாம்பரம்வீதி

என் அனுபவம் வேறு. மழைக்காலத்திலும் யோகட்டும் மரக்கறியும் வைக்கத் தெரிந்தால் சொந்தப் பிறிட்ஜ் உழைக்கும். கம்பனிக் கூலரில் அந்தச் சுதந்திரம் இல்லை. முதல் வருடம் கம்பனியுடையதா சொந்தமா என்பதில் நானும் ரெப் தம்பியும் ஒத்துப்போக மாட்டோம்.

கடல்வாசல் (மார்ச் 14)

எல்லோருக்கும் நன்றி. இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். வாடகை ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. விதானையார் கையெழுத்து வைத்தார். முதலில் நினைத்த பெயர் ஏற்கனவே வேறொருவர் பெயரில் இருந்தது, மாமியின் பெயரைச் சேர்த்து மாற்றினேன். பலகைக்காரர் அச்சடிக்காமல் இருந்தது பெரிய உதவி. சபையில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பரிசோதகர் வந்து கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளியைக் காட்டினார், தகரம் அடித்தாகிவிட்டது.

மூன்று மெசின் பார்த்தேன். இரண்டில் ஒரு பார்கோடுக்கு ஒரு விலைதான். மூன்றாவதில் 130, 150 இரண்டும் வந்தது. தமிழ் பில்லும் அடித்துக் காட்டினார்கள். ஒரு பில்லுக்கு ஐந்து விநாடி எடுக்கிறது. பரவாயில்லையா தம்பி?

பில்மெசின் தம்பி

பெரிய பில்லில் பத்து விநாடிக்கு மேல் போகாவிட்டால் பரவாயில்லை. சாமான் பெயர்களை இப்போதே மொத்தமாக ஏற்றாதீர்கள். ஒவ்வொரு பெட்டியாக உள்ளே வரும்போது பொதியைக் கையில் எடுத்து, விலையையும் காலாவதியையும் பார்த்துப் பதியுங்கள். வேறு கடையின் பட்டியலை யாராவது தந்தால் அதில் பழைய விலை இருக்கும்.

கடல்வாசல்

சரி. தராசு முத்திரைக்கு அடுத்த புதன் வரச் சொல்லியிருக்கிறார்கள். கூலர் விஷயத்தைக் கணவரிடம் விட்டிருக்கிறேன், அவர் கடலில் இருந்து வந்த பிறகுதான் பேச வேண்டும்.